ரைஸ் மில் பேலன்ஸ் ஷீட்: கடனுக்கு நெல் போடும் முன் ஆடிட்டர் கருத்தைப் படிப்பது எப்படி

தாமிரபரணிப் பாசனத்தில் பிசான அறுவடை மாசி, பங்குனியில் வரும். கணக்கு வருஷமும் அதே சமயம், மார்ச் 31-ல் முடிகிறது. அதனால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கத்து ரைஸ் மில்களில் களமும் குடோனும் நிறைந்து கிடக்கும் நேரத்தில்தான் பேலன்ஸ் ஷீட் தேதி வந்து விழுகிறது. சொத்துப் பக்கத்தில் பாதி, அட்டி போட்ட நெல் மூட்டைகளாகவே இருக்கும். அந்த மூட்டைக் கணக்கு சரியாக இருந்தால்தான் லாபக் கணக்கும் சரியாக இருக்கும்.

மில்லுக்குக் கடனுக்கு நெல் போடுகிற வியாபாரியிடம் "ஆடிட் ஆன கணக்கு இது, பாத்துக்கோங்க அண்ணாச்சி" என்று ஒரு கத்தை தாளைக் கொடுப்பார்கள். லாபம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவைப்பவர்களே அதிகம். அதற்கு முன்னால் இருக்கிற இரண்டு, மூன்று பக்க ஆடிட்டர் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது, அந்தக் கருத்துக்கு ஆடிட்டர் எந்த வழியில் வந்து சேருகிறார் என்பதை ஒரு மில்லை வைத்தே சொல்கிறேன். மில் கற்பனை, கணக்கு முறை நடப்பில் உள்ளது. இங்கே சொல்வது பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக நடக்கும் மில்லுக்குப் பொருந்தும். கூட்டு வியாபாரமாக நடக்கும் மில் என்றால் பெரும்பாலும் வருமான வரிக்கான ஆடிட் ரிப்போர்ட்தான் கிடைக்கும். அதன் அமைப்பு வேறு.

நம் மில்லின் கணக்கு இது. வருஷ விற்பனை 48 கோடி. வரிக்கு முந்தைய லாபம் 1.20 கோடி. மொத்தச் சொத்து 22 கோடி, அதில் நெல்லும் அரிசியுமாக ஸ்டாக் 11 கோடி. முதலாளிகளின் சொந்தப் பணம், சேர்ந்த லாபம் எல்லாம் சேர்த்து 6 கோடி.

முதல் படி: ஆடிட்டர் வைத்திருக்கும் வரம்பைத் தோராயமாகக் கணக்கிடுங்கள்

48 கோடி ரூபாய் வியாபாரத்தில் ஒவ்வொரு பில்லையும் எந்த ஆடிட்டரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. எவ்வளவு தப்பு இருந்தால் கணக்கைப் படிக்கிறவரின் முடிவு மாறும் என்று வேலை தொடங்கும்போதே ஒரு தொகையை அவர் தீர்மானிக்கிறார். அதுதான் மெட்டீரியாலிட்டி. பட்டயக் கணக்காளர் கழகம் வகுத்த தணிக்கைத் தரங்களில் 320-ம் எண் தரம் இதைப் பற்றியது. படிக்கிறவர் என்றால் கடன் கொடுத்த பேங்க், பங்குதாரர், நெல் போட்ட நீங்கள்.

தொகையை இப்படித்தான் கணக்கிட வேண்டும் என்று சட்டத்தில் எந்தச் சூத்திரமும் கிடையாது. லாபத்துக்காக நடக்கும் உற்பத்தி நிறுவனத்துக்கு வரிக்கு முந்தைய லாபத்தில் 5 சதவீதம் என்பது அந்தத் தரமே காட்டும் ஓர் உதாரணம். நம் மில்லுக்கு அப்படிப் பார்த்தால் 6 லட்சம் வரும். விற்பனையில் 1 சதவீதம் என்று எடுத்தால் 48 லட்சம். இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அரிசி அரவையில் விற்பனை மலை போல இருக்கும், லாபம் மெல்லியது. 48 லட்சம் வரை தப்பு இருக்கலாம் என்று விட்டால் லாபத்தில் 40 சதவீதம் பொய்யாக இருக்க இடம் கொடுத்ததாகிவிடும். அதனால் ஒழுங்காக லாபம் வரும் மில்லுக்கு லாபத்தை வைத்துப் பார்ப்பதே சரி என்பது என் எண்ணம். ஒரு வருஷம் லாபம், மறுவருஷம் நஷ்டம் என்று ஆடுகிற மில்லுக்கு மட்டும் சில வருஷச் சராசரியையோ விற்பனையில் சிறு சதவீதத்தையோ எடுப்பார்கள்.

நம் நாட்டு ஆடிட்டர் ரிப்போர்ட்டில் இந்தத் தொகையை அச்சிடும் வழக்கம் இல்லை. அதனால்தான் நீங்களே ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். லாபத்தில் 5 சதவீதம் என்று போட்டால், ஆடிட்டர் எந்த அளவுத் தப்பைப் பற்றிப் பேசுகிறார் என்பது தோராயமாகக் கைக்கு வரும்.

6 லட்சம் வரம்பு என்றால் 5.90 லட்சம் வரை கண்ணை மூடிக்கொள்வார் என்று அர்த்தம் இல்லை. சின்னச் சின்னத் தப்புகள் சேர்ந்து வரம்பைத் தாண்டிவிடும் என்பதால், சோதனை செய்யும்போது இன்னும் குறைவான ஒரு தொகையை வைத்து வேலை பார்ப்பார்கள். பொதுவாக அது முழு வரம்பில் பாதியிலிருந்து முக்கால் பங்கு வரை இருக்கும். நம் மில்லில் போன வருஷமும் ஸ்டாக்கில் குளறுபடி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பாதியை, அதாவது 3 லட்சத்தை எடுப்பார்கள். அதற்கும் கீழே, 30,000 ரூபாய் மாதிரி ஒரு தொகைக்குக் குறைந்ததைச் சில்லறை என்று விட்டுவிடுவார்கள். 30,000-க்கு மேல் கண்ணில் பட்ட எல்லாத் தப்பும் ஒரு பட்டியலில் ஏறும்.

இரண்டாவது படி: பட்டியல் எப்படி நிரம்புகிறது என்று பாருங்கள்

மார்ச் மாத லாரி வாடகை 2.1 லட்சம் ஏப்ரலில் எழுதப்பட்டிருக்கிறது. எலிவேட்டர் ரிப்பேர் செலவு 1.4 லட்சத்தைப் புது மிஷின் வாங்கியதாகச் சொத்தில் சேர்த்திருக்கிறார்கள். தென்காசி மொத்த வியாபாரி ஒருவரிடமிருந்து இனி வராது என்று தெரிந்த 1.9 லட்சத்தை இன்னும் வரவேண்டிய பணமாகவே காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் தனியாக 6 லட்சத்துக்கு வெகு கீழே. மூன்றும் லாபத்தை ஒரே பக்கமாகக் கூட்டிக் காட்டுகின்றன, சேர்த்தால் 5.4 லட்சம். வரம்பை எட்டிப் பிடிக்க இன்னும் ஒரு தப்பு போதும்.

ஆடிட்டர் இந்த மூன்றையும் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். வரம்புக்குள் இருக்கிறதே என்று அவராக விட்டுவிட முடியாது. பெரும்பாலான மில்கள் இந்த இடத்தில் திருத்திக்கொடுத்துவிடும். திருத்திய தப்பு ரிப்போர்ட்டில் வராது. ஆகவே சுத்தமான ரிப்போர்ட் வந்திருக்கிறது என்றால் தப்பே நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்தது திருத்தப்பட்டது, மிஞ்சியது வரம்புக்குக் கீழே என்பதுதான் கிடைக்கும் தகவல். நம் கணக்கு சுலபமாக இருக்க, மில் இந்த மூன்றையும் திருத்திவிட்டது, அதற்குப் பிறகு நிற்கும் லாபம்தான் 1.20 கோடி என்று வைத்துக்கொள்வோம்.

தொகை சிறிது என்றாலும் விடமுடியாத சில உண்டு. 2 லட்சம் நஷ்டத்தை 1 லட்சம் லாபமாக மாற்றுகிற 3 லட்சம், பேங்க் வைத்த நிபந்தனையை மயிரிழையில் தாண்டவைக்கிற தொகை, டைரக்டரின் சொந்தக் கணக்குக்குப் போன பணம் போன்றவை. அங்கே சதவீதம் பார்ப்பதில்லை.

மூன்றாவது படி: ஸ்டாக்கை ஆடிட்டர் எப்படித் தொட்டுப் பார்த்தார் என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில்தான் நம் மில்லின் ரிப்போர்ட் முடிவாகிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஸ்டாக் பெரிய தொகையாக இருந்தால் மூட்டை எண்ணும்போது ஆடிட்டர் நேரில் இருக்க வேண்டும். அட்டியின் நீளம், அகலம், உயரம் எண்ணிப் பெருக்கினால் மூட்டைக் கணக்கு வரும். ஆனால் நடுவில் கூடாக விட்டு வெளியே மட்டும் அடுக்கிய அட்டியும் பெருக்கலில் முழு அட்டியாகத்தான் வரும். அதனால் மேலே ஏறி நடு வரிசையைப் பார்க்க வேண்டும், சில இடங்களில் மூட்டையை இறக்கச் சொல்ல வேண்டும். குத்தூசி போட்டு நெல் எடுத்து, உள்ளே இருப்பது நெல்தானா உமியா என்றும், ஈரம் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும்.

நம் மில் பிசானத்தில் 1,200 டன் நெல்லை 18 சதவீத ஈரத்தோடு வாங்கி, களத்தில் காயவைத்து, 14 சதவீதத்தில் அட்டி போட்டது. காய்ந்தால் எடை குறையும், அது தப்பில்லை. 1,200 டன்னில் ஈரம் போக 82 சதவீதம், அதாவது 984 டன் உலர்ந்த பொருள். காய்ந்த பிறகு அந்த 984 டன் மொத்த எடையில் 86 சதவீதமாக இருக்க வேண்டும். 984-ஐ 0.86-ஆல் வகுத்தால் 1,144 டன். கணக்குப் புத்தகத்திலும் 1,144 டன் என்றே இருக்கிறது, காய்ந்த நெல்லின் அடக்கவிலை கிலோ 25 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். இயல்பாகக் காய்ந்து குறைந்த எடையின் விலை மிஞ்சிய நெல்லின் அடக்கத்தில் ஏறிவிடும் என்பதால் இதுவரை எல்லாம் சரி.

எண்ணி, எடை போட்டுப் பார்த்தால் 1,050 டன்தான் இருக்கிறது.

"ஈர நெல்லுல்லா சார், களத்துல கிடந்து காஞ்சிருக்கும். அதுக்குப் போய் தள்ளுபடி எழுதச் சொல்லுதிய" என்று மில்காரர் சொல்வார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதே 984 டன் உலர்ந்த பொருள் 1,050 டன் எடைக்குள் இருக்க வேண்டுமானால் ஈரம் 6.3 சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். அந்த அளவுக்கு எந்த மில்லும் நெல்லைக் காயவிடாது, அரைத்தால் குருணையாகக் கொட்டும். அட்டியில் குத்தூசி போட்டு எடுத்த நெல்லோ மீட்டரில் 14 காட்டுகிறது. ஆக, காய்ந்து போனதாகச் சொல்லும் 94 டன் காயவில்லை. ஒன்று விற்றதை எழுதவில்லை, அல்லது வாங்காததை வாங்கியதாக எழுதியிருக்கிறது, அல்லது யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். இவற்றில் மோசடி என்று சந்தேகம் வந்தால் ஆடிட்டருக்குச் சட்டப்படி வேறு கடமைகளும் உண்டு. அது தனிக் கதை.

94 டன், கிலோ 25 ரூபாய்: 23.5 லட்சம். 6 லட்ச வரம்பைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. எழுதித் தள்ளினால் லாபம் 1.20 கோடியிலிருந்து 96.5 லட்சமாக இறங்கும். மில் எழுத மறுக்கிறது. இப்போது ஆடிட்டர் என்ன எழுதுவார்?

நான்காவது படி: கருத்துப் பத்தியின் தலைப்பையும் முதல் வாக்கியத்தையும் படியுங்கள்

ரிப்போர்ட்டில் முதலில் வருவது கருத்து, அடுத்தது அந்தக் கருத்துக்கு அடிப்படை. தலைப்பு வெறும் "ஒப்பீனியன்" என்று இருந்தால் அது மாற்றமில்லாத கருத்து. நாம் பேச்சில் சொல்லும் க்ளீன் ரிப்போர்ட். கணக்குகள் உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றன என்று தடையில்லாமல் சொல்லியிருப்பார். தலைப்பில் "குவாலிஃபைடு ஒப்பீனியன்" என்று இருந்தால், அடிப்படைப் பத்தியில் சொன்ன விஷயத்தைத் தவிர மற்றவை சரி என்று சொல்கிறார்.

நம் மில்லுக்கு அதுதான் வரும். தப்பு வரம்பைத் தாண்டிவிட்டது, ஆனால் அது ஒரு இடத்தில் நிற்கிறது. ஸ்டாக்கிலும் லாபத்திலும் 23.5 லட்சத்தைக் கழித்துவிட்டால் மற்றக் கணக்கை நம்பிப் படிக்கலாம். அடிப்படைப் பத்தியில் ஸ்டாக் 23.5 லட்சம் கூடுதலாகக் காட்டப்பட்டிருக்கிறது, லாபமும் அவ்வளவு கூடுதல் என்று தொகையோடு எழுதுவார். தொகை சொல்ல முடிந்த இடத்தில் சொல்லியாக வேண்டும் என்பது விதி.

இன்னொரு வகை குவாலிஃபைடும் உண்டு, இரண்டையும் கலந்துவிடக் கூடாது. வேறொரு மில்லுக்குச் சங்கரன்கோவில் பக்கம் இரண்டாவது குடோன், அதில் 1.8 கோடி ஸ்டாக் என்று வைத்துக்கொள்வோம். ஆடிட்டர் நியமிக்கப்பட்டதே மார்ச் 31-க்குப் பிறகு, எண்ணும்போது அவர் இல்லை. அவர் உடனே கைவிட மாட்டார். மே மாதம் போய் எண்ணி, அதிலிருந்து பின்னோக்கி வருவார்: ஏப்ரல் 1 முதல் வந்த லோடைக் கழித்து, போன லோடைக் கூட்டி, ஒவ்வொன்றுக்கும் எடைமேடைச் சீட்டும் பில்லும் ஒத்துப்பார்த்து மார்ச் 31-ன் இருப்பைப் பிடிப்பார். பிடிபட்டால் ரிப்போர்ட் க்ளீன். சீட்டுகள் இல்லை, லாரிக் கணக்கு இல்லை என்றால் குவாலிஃபைடு. ஆனால் இங்கே அவர் கணக்கு தப்பு என்று சொல்லவில்லை, எனக்குச் சான்று கிடைக்கவில்லை என்று சொல்கிறார். முதல் வகையில் "விளைவுகளைத் தவிர" என்று வரும், இந்த வகையில் "ஏற்படக்கூடிய விளைவுகளைத் தவிர" என்று வரும். ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான் இருக்கும்; "எஃபெக்ட்ஸ்" என்பதற்கு முன்னால் "பாசிபிள்" இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கழித்துக்கொள்ளத் தொகை கிடையாது. 1.8 கோடியில் எவ்வளவு உண்மை என்று ஆடிட்டருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கடன் கொடுக்கிறவருக்கு, தொகை தெரிந்த 23.5 லட்சத்தை விட இதுவே அதிகக் கவலை தர வேண்டும்.

குவாலிஃபைடைத் தாண்டிய இரண்டு உண்டு. 11 கோடி ஸ்டாக்கில் 4 கோடிக்கு நெல்லே இல்லை என்று தெரிந்தும் மில் திருத்த மறுத்தால், சொந்தப் பணம் 6 கோடி 2 கோடியாகிறது, பேங்க் கடனுக்கான பாதுகாப்பு போகிறது, ஒரு தொகையைக் கழித்து மற்றதைப் படிக்க வழியில்லை. அப்போது கணக்குகள் உண்மை நிலையைக் காட்டவில்லை என்றே எழுதுவார், அது "அட்வெர்ஸ்". மொத்த ஸ்டாக்குக்கும் சான்றே கிடைக்காவிட்டால் கருத்துச் சொல்லவே முடியாது என்று எழுதுவார், அது "டிஸ்கிளைமர்". இந்த இரண்டில் எது இருந்தாலும் உள்ளே இருக்கும் லாப எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

"எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர்" என்று ஒரு பத்தி இருந்தால் பயப்பட வேண்டாம், அது குவாலிஃபிகேஷன் இல்லை. குறிப்புகளில் சரியாகச் சொல்லப்பட்ட ஒரு விஷயத்தை, ஒரு வழக்கு மாதிரி, கவனியுங்கள் என்று காட்டுவது. ஆனால் தொழில் தொடர்ந்து நடக்குமா என்பதில் பெரிய சந்தேகம் என்று தனித் தலைப்பு இருந்தால், கருத்து க்ளீனாகவே இருந்தாலும், கடனுக்கு நெல் போடும் முன் இரண்டு தரம் யோசியுங்கள்.

ஐந்தாவது படி: எண்களை நீங்களே திருத்திப் படியுங்கள்

குவாலிஃபைடு என்றாலே அந்த மில் மோசம் என்று ஒதுக்குவது சரியில்லை. நம் மில்லில் 23.5 லட்சம் கழித்த பிறகும் 96.5 லட்சம் லாபம், சொந்தப் பணம் 5.75 கோடிக்கு மேல். உங்கள் 20 லட்சக் கடனைத் திருப்பத் தெம்பு இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: 94 டன் நெல் எங்கே போனது, ஏன் எழுத மறுத்தீர்கள்? டைரக்டர்கள் அறிக்கையைப் புரட்டுங்கள். ஆடிட்டர் போட்ட ஒவ்வொரு குவாலிஃபிகேஷனுக்கும் அதில் விளக்கம் சொல்ல வேண்டும் என்று 2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டத்தின் 134-ம் பிரிவு சொல்கிறது. "இயல்பான காய்ச்சல் இழப்பு" என்று ஒரு வரியில் முடித்திருந்தால் மேலே போட்ட கணக்கை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

ஆடிட்டர் ரிப்போர்ட்டுக்குப் பின்னிணைப்பு இருந்தால் அதையும் விடாதீர்கள். 5 கோடிக்கு மேல் பேங்கில் ஒர்க்கிங் கேப்பிடல் லிமிட் இருந்தால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேங்குக்குக் கொடுத்த ஸ்டாக் கணக்கு புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஆடிட்டர் அங்கே எழுத வேண்டும். கருத்துப் பத்தி க்ளீனாக இருந்து, இங்கே வித்தியாசம் என்று எழுதியிருக்கும் மில்கள் உண்டு. பேங்க் அந்த ஸ்டாக்கை நம்பித்தான் பணம் எடுக்க விடுகிறது. வித்தியாசம் வெளியே வந்து பேங்க் லிமிட்டைக் குறைத்தால், முதலில் நிற்பது நெல் போட்டவர் பணம்தான்.

க்ளீன் ரிப்போர்ட் எதைச் சொல்லாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மில் தர வேண்டிய 4 லட்சம் புத்தகத்தில் ஏறவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அது 6 லட்ச வரம்புக்குக் கீழே. வேறு தப்பு எதுவும் இல்லாவிட்டால் அந்த 4 லட்சம் விட்டுப்போன கணக்குக்கும் க்ளீன் ரிப்போர்ட் வரலாம், ஆடிட்டர் வேலையில் குறையும் இருக்காது. மொத்தக் கணக்கைப் பற்றித்தான் அவர் கருத்துச் சொல்கிறார். உங்கள் பாக்கிக்கு மார்ச் முடிந்ததும் மில்லிடம் கையெழுத்தோடு பாக்கிச் சான்று வாங்கி வைத்துக்கொள்வது ஒன்றே வழி.

கடைசியாக: இரண்டு வருஷத்தைச் சேர்த்துப் பாருங்கள்

ஒரு வருஷத்து ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். கம்பெனிகள் தங்கள் கணக்கை AOC-4 படிவத்தில் அரசிடம் தாக்கல் செய்கின்றன, mca.gov.in தளத்தில் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். மில்காரர் கொடுத்த நகலும் அங்கே இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஆடிட்டர் கையெழுத்துக்குக் கீழே 18 இலக்க UDIN எண் இருக்கும், அதை udin.icai.org தளத்தில் போட்டால் அந்த ரிப்போர்ட் உண்மையிலேயே அவர் கொடுத்ததா என்று தெரியும்.

அந்த 94 டன் பிரச்சனை தானாக மறைந்துவிடாது. இந்த வருஷக் கடைசி ஸ்டாக்தான் அடுத்த வருஷத் தொடக்க ஸ்டாக். இல்லாத நெல்லை அரைக்க முடியாது. அடுத்த வருஷம் எண்ணும்போது அந்த 23.5 லட்சம் செலவாக விழுந்து லாபத்தைக் குறைக்கும், அப்போது ஆடிட்டர் பழைய விஷயத்தைச் சுட்டி மறுபடியும் குவாலிஃபைடு கொடுக்க நேரும். அப்படி இல்லாமல், போன வருஷ எண்ணையே திருத்திக் குறிப்பில் விளக்கி வெளியிட்டிருந்தால் ரிப்போர்ட் க்ளீனாகத் திரும்பி வரும். குறிப்பில் ஒரு சொல்லும் இல்லாமல் குவாலிஃபிகேஷன் மட்டும் காணாமல் போய், கூடவே ஆடிட்டரும் மாறியிருந்தால், பழைய பாக்கியை வாங்கிய பிறகு அடுத்த லோடை ஏற்றுங்கள்.